வெளியே என்கிற திசை இல்லாத இடம்

கேள்வி: ஐயா, நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கருந்துளையின் விடுபடு வேகம் ஒளியின் வேகத்தைவிட அதிகம், அதனால்தான் ஒளிகூட வெளியே வருவதில்லை என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து மூன்று கேள்வி கேட்டாள். "எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே மெதுவாக ஏறினால் ராக்கெட் வெளியே வந்துவிடாதா? ஒளிக்கு நிறையே கிடையாதே, அதை ஈர்ப்பு எப்படிப் பிடித்து வைக்கும்? உள்ளிருந்து எதுவுமே வராது என்றால் ஈர்ப்பு மட்டும் எப்படி வெளியே வருகிறது?" என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒன்று எப்படித்தான் உருவாகிறது, எப்படி விளக்குவது என்று சொல்வீர்களா?

— ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவியின் முதல் கேள்வி மிகச் சரியான இடத்தில் கை வைக்கிறது. விடுபடு வேகத்தை வைத்துச் சொல்லும் விளக்கம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்காது. விடுபடு வேகம் என்பது தரையிலிருந்து எறிந்த கல்லுக்கான கணக்கு. எறிந்த பிறகு அதைத் தள்ள யாரும் இல்லை, அதனால் பூமியை விட்டுப் போக வேண்டுமானால் கிளம்பும்போதே வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் ராக்கெட்டுக்கு அந்த நிபந்தனை கிடையாது. எரிபொருள் தீராத ராக்கெட் ஒன்று இருந்தால் மாட்டு வண்டி வேகத்தில் ஏறியே பூமியை விட்டுப் போய்விடலாம். கருந்துளையும் வெறும் "அதிக விடுபடு வேகம்" கொண்ட பொருளாக மட்டும் இருந்திருந்தால் அவள் சொன்ன ராக்கெட் வெளியே வந்திருக்கும்.

இந்த விளக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. 1783-ல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயர் நியூட்டனின் விதிகளை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். சூரியனைப்போன்ற அடர்த்தியுடன், அதைப்போல் 500 மடங்கு விட்டம் கொண்ட ஒரு விண்மீன் இருந்தால் அதன் ஒளி தொலைவுக்கு வந்து சேராது என்றார். ஆனால் அவர் கற்பனை செய்த விண்மீனில் ஒளி மேற்பரப்பை விட்டுக் கிளம்பும், கொஞ்ச தூரம் உயரும், எறிந்த கல்லைப்போலத் திரும்பி விழும். பக்கத்தில் போய் நின்றால் அந்த ஒளியைப் பார்க்கவும் முடியும். உண்மையான கருந்துளையில் இது நடப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒளி கொஞ்சம்கூட வெளிப்பக்கம் நகர்வதில்லை. இரண்டு படங்களிலும் ஆரத்துக்கு ஒரே சூத்திரம் வருவது தற்செயல். அந்தத் தற்செயல்தான் இந்த விளக்கத்தை இத்தனை காலம் வகுப்பறைகளில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, அப்படிப்பட்ட ஒன்று எப்படி உருவாகிறது? பொதுவாகச் சொல்வதைவிட, நான் பல ஆண்டுகளாக எக்ஸ்-கதிர்த் தரவுகளில் பார்த்து வரும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் சிக்னஸ் எக்ஸ்-1. அன்னம் என்று அழைக்கப்படும் சிக்னஸ் விண்மீன் குழுவில், நம்மிடமிருந்து சுமார் 7,200 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிறை சூரியனைப்போல் 21 மடங்கு. அதோடு இணைந்து ஒரு பெரிய நீல விண்மீனும் இருக்கிறது. இரண்டும் 5.6 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன.

இந்தக் கருந்துளை ஒரு காலத்தில் விண்மீனாக இருந்தது. பிறந்தபோது அதன் நிறை சூரியனைப்போல் 40 மடங்குக்கு மேல் இருந்திருக்கும் என்பது கணிப்பு. எந்த விண்மீனும் இரண்டு விசைகளின் இழுபறிதான். தன் எடையே அதை உள்நோக்கி அமுக்குகிறது. மையத்தில் எரியும் அணுக்கரு இணைவின் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகிறது. எரிபொருள் இருக்கும்வரை இரண்டும் சமமாக நிற்கும்.

பெரிய விண்மீன்கள் எரிபொருளைச் செலவழிக்கும் வேகம் ஒவ்வொரு கட்டத்திலும் கூடிக்கொண்டே போகும். சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுள்ள விண்மீனுக்குப் போட்ட கணக்கு ஒன்று எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஹைட்ரஜன் எரிய சுமார் 70 லட்சம் ஆண்டு. அதில் உண்டான ஹீலியம் எரிய 7 லட்சம் ஆண்டு. அடுத்து கார்பன், அது 600 ஆண்டு. ஆக்சிஜன் ஆறு மாதம். கடைசியில் சிலிக்கான் எரிந்து இரும்பாக மாற ஒரே ஒரு நாள். எழுபது லட்சம் ஆண்டு வாழ்ந்த விண்மீனின் கடைசிச் சமையல் ஒரு பகலும் ஓர் இரவும்தான்.

இரும்பு வந்ததும் எல்லாம் நின்றுவிடும். இலகுவான அணுக்கருக்கள் இணையும்போது ஆற்றல் கிடைக்கும். இரும்பை இணைத்தால் கிடைக்காது, நாம்தான் ஆற்றலைக் கொடுக்க வேண்டியிருக்கும். அடுப்பில் விறகுக்குப் பதில் சாம்பலை வைத்தால் என்ன ஆகும்? இரும்பு அந்த விண்மீனின் சாம்பல். மையத்தில் அது சேர்ந்துகொண்டே போகும், வெப்பம் தராது.

அப்போது அந்த இரும்பு மையத்தைத் தாங்கி நிற்பது எலக்ட்ரான்கள். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது குவாண்டம் விதி. அவற்றை நெருக்க நெருக்க இடமில்லாமல் வேகமெடுத்து எதிர்த்துத் தள்ளும். இந்த எதிர்ப்பு எவ்வளவு எடையைத் தாங்கும் என்று கணக்கிட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், அந்தக் கணக்கைத் தொடங்கினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது என்பது விடை. எடையைத் தாங்குவதற்கு எலக்ட்ரான்கள் இன்னும் வேகமாக ஓட வேண்டும், ஆனால் அவை ஏற்கெனவே ஒளியின் வேகத்தை நெருங்கிவிட்டன, அதற்கு மேல் வேகமெடுக்க வழியில்லை. இந்த இடத்தை உங்கள் மாணவிக்கு நிறுத்திச் சொல்லுங்கள். ஒளிவேகம் என்ற உச்சவரம்பு கருந்துளையின் கதைக்குள் வருவது கடைசியில் அல்ல, இங்கேயே.

இரும்பு மையம் அந்த வரம்பைத் தாண்டியதும் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்துவிடும். சில ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள உருண்டை சில பத்து கிலோமீட்டருக்குச் சுருங்கும். எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அமுங்கி நியூட்ரான்கள் ஆகிவிடும். நியூட்ரான்களும் நெருக்கத்தை எதிர்க்கும், சரிவு அங்கே சட்டென்று தடுக்கப்படும். பல விண்மீன்களில் இந்தத் தடுப்பில் மோதித் திரும்பும் அதிர்ச்சி அலைதான் வெளி அடுக்குகளைச் சூப்பர்நோவாவாகச் சிதறடிக்கிறது. நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் மிஞ்சும்.

ஆனால் அதிர்ச்சி அலை எப்போதும் ஜெயிப்பதில்லை. மேலிருந்து கொட்டும் பொருள் மிக அதிகமாக இருந்தால் அலை பாதி வழியில் நின்றுவிடும், பொருள் நியூட்ரான் உருண்டையின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். சிக்னஸ் எக்ஸ்-1-இல் இதுதான் நடந்திருக்கும் என்று எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அது பிறந்ததாகக் கருதப்படும் விண்மீன் கூட்டத்தோடு சேர்ந்தே இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பெரிய வெடிப்பு நடந்திருந்தால் உதைபட்டுத் தனியே விலகி ஓடியிருக்கும். எனவே அது பெரிய வெடிப்பு இல்லாமல், ஏறத்தாழ இருட்டிலேயே சரிந்திருக்க வேண்டும் என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது.

நியூட்ரான்களின் எதிர்ப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. சூரியனைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதைத் தாண்டினால் ஏன் வேறு எதுவும் தடுக்க முடியாது? நியூட்ரானைவிடக் கடினமான ஏதோ ஒரு பொருள் இருக்கக் கூடாதா? இந்த இடத்தில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் ஒன்றைச் சொல்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. நியூட்டனின் உலகில் நிறை மட்டும்தான் ஈர்ப்பை உண்டாக்கும். ஐன்ஸ்டைனின் உலகில் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும். சாதாரண விண்மீனில் அது மிகச் சிறியது, விட்டுவிடலாம். நியூட்ரான் உருண்டையின் மையத்தில் விட முடியாது. சரிவைத் தடுக்க அழுத்தத்தைக் கூட்டினால், கூடிய அழுத்தமே ஈர்ப்பையும் கூட்டிவிடும். முட்டுக் கொடுத்த தூணின் எடையே கூரையோடு சேர்ந்து அமுக்குவது போல. ஒரு கட்டத்துக்குமேல் எதிர்ப்பு எவ்வளவு பலமோ அவ்வளவுக்குத் தோல்வியும் வேகமாக வரும். எந்தப் பொருளால் செய்திருந்தாலும் இதுதான் முடிவு. 1939-ல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் இப்படித் தடையில்லாமல் சரியும் ஓர் உருண்டையின் கணக்கை முதன்முதலாக முழுதாகப் போட்டுக் காட்டினார்கள்.

அந்தச் சரிவில், தாண்டினால் திரும்ப முடியாத நிகழ்வு எல்லை உருவாகும் இடம் பலர் நினைப்பதுபோல் வெளிப்பரப்பில் அல்ல. அது மையத்தில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, விழும் பொருளுக்கு எதிராக வெளிநோக்கி விரிகிறது. சரியும் விண்மீனின் மையத்திலிருந்து ஒவ்வொரு கணமும் ஓர் ஒளிக்கீற்று கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கிளம்பியவை தப்பி வெளியே போய்விடும். ஏதோ ஒரு கணத்தில் கிளம்பிய கீற்று வெளிப்பரப்பு வரை வந்து, அங்கேயே நின்றுவிடும். தப்பவும் இல்லை, விழவும் இல்லை. அந்தக் கடைசிக் கீற்றின் பாதைதான் நிகழ்வு எல்லை. பொருளால் ஆன சுவர் அல்ல, கோடு கிழித்து வைத்ததும் அல்ல. தப்பிய ஒளிக்கும் தப்பாத ஒளிக்கும் நடுவில் உள்ள பிரிவு அது.

அது எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சூத்திரம் சுலபம்:

r = 2GM/c²

சூரியன் அளவு நிறைக்கு இது சுமார் 3 கிலோமீட்டர் வரும். சிக்னஸ் எக்ஸ்-1-க்கு 21 மடங்கு, ஆக ஏறத்தாழ 62 கிலோமீட்டர். (இது சுழலாத கருந்துளைக்கான எண். சிக்னஸ் எக்ஸ்-1 மிக வேகமாகச் சுழல்கிறது, அதனால் உண்மையான எல்லை இன்னும் உள்ளே, 31-க்கும் 62-க்கும் நடுவில் இருக்கும். வகுப்புக்கு 62 போதும்.)

இப்போது ராக்கெட்டுக்கு வருவோம். அவளுக்கு ஓர் ஆற்றைச் சொல்லுங்கள். அருவியை நோக்கி ஓடும் ஆறு. தொலைவில் மெதுவாக ஓடுகிறது, நெருங்க நெருங்க வேகமெடுக்கிறது. ஆற்றில் ஒரு மீன் இருக்கிறது, அதன் அதிகபட்ச நீச்சல் வேகம் மாறாது. தண்ணீரின் வேகம் மீனின் வேகத்தைவிடக் குறைவாக உள்ள இடம்வரை எதிர்த்து நீந்தி மேலே போகலாம். இரண்டும் சமமாகும் இடத்தில் மீன் முழு மூச்சாக நீந்தினாலும் கரையில் நிற்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அதையும் தாண்டினால் மேல்நோக்கி நீந்திக்கொண்டே கீழே போகும். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு உள்ள ஒரு தீர்வை அப்படியே இப்படிப் படிக்கலாம், இது வெறும் உவமை அல்ல. கருந்துளையைச் சுற்றி உள்ள விண்வெளியே உள்நோக்கி ஓடுகிறது. சிக்னஸ் எக்ஸ்-1-இன் மையத்திலிருந்து 248 கிலோமீட்டரில் அந்த ஓட்டம் ஒளிவேகத்தில் பாதி. 62 கிலோமீட்டரில் சரியாக ஒளிவேகம். அதற்கு உள்ளே ஒளிவேகத்தைவிட அதிகம்.

ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்று படித்தோமே என்பாள். அந்த விதி விண்வெளியின் ஊடாகப் போகும் பொருளுக்கானது. அந்த விண்வெளியே ஓடுவதை அது தடுப்பதில்லை.

இதிலேயே இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. ஈர்ப்பு ஒரு கயிறாக இருந்து பொருளின் நிறையைக் கட்டி இழுத்திருந்தால், நிறையில்லாத ஒளி நழுவியிருக்கும். ஆற்றுத் தண்ணீர் மீனின் எடையைப் பார்ப்பதில்லை, கட்டையானாலும் சருகானாலும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டு போகும். நிறையில்லாத ஒளி சூரியனுக்குப் பக்கத்தில் வளைகிறது என்பதை 1919 சூரிய கிரகணத்திலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். கருந்துளையில் நடப்பது அதன் எல்லைநிலை.

ஆறு ராக்கெட்டின் வேகத்தை விளக்கிவிடும், ஆனால் ஏன் எந்த எஞ்சினாலும் முடியாது என்பதை முழுவதும் விளக்காது. அதற்குக் கரும்பலகையில் ஒரு படம் போடுங்கள். நான் இதைப் பள்ளி மாணவர்களுக்குப் பலமுறை போட்டிருக்கிறேன், ஐந்து நிமிடம் போதும். கிடைக்கோடு தூரம்: இடதுபக்கம் கருந்துளையின் மையம், வலதுபக்கம் வெளி உலகம். மேல்நோக்கிய கோடு காலம். தொலைவில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து மேல்நோக்கி ஆங்கில V எழுத்துபோல இரண்டு கோடுகள். இடதுகோடு உள்நோக்கிப் போகும் ஒளி, வலதுகோடு வெளிநோக்கிப் போகும் ஒளி. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்பதால், அந்தப் புள்ளியில் உள்ள யாருக்கும் எதிர்காலம் என்பது அந்த V-க்குள் இருப்பது மட்டுமே. ராக்கெட் எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் V-க்குள் பாதையை மாற்றலாம், V-யை விட்டு வெளியேற முடியாது.

இப்போது கருந்துளையை நெருங்கி அடுத்தடுத்த புள்ளிகளில் V வரையுங்கள். நெருங்க நெருங்க அது இடப்பக்கம் சாயும். எல்லையின் மேல் வரையும்போது வலதுகோடு செங்குத்தாக நிற்கும். வெளிநோக்கிப் போகும் ஒளி இடத்தை விட்டு நகராமல் காலத்தில் மட்டும் மேலே போகிறது என்று பொருள். எல்லைக்கு உள்ளே வரையும்போது வலதுகோடும் இடப்பக்கம் சாய்ந்துவிடும். அந்த V-க்குள் இருக்கும் எல்லாப் பாதையும், ஒன்று விடாமல், உள்நோக்கிப் போகிறது. "வெளியே" என்ற திசை எதிர்காலத்தில் இல்லை. நேற்றைக்குப் போக எந்த எஞ்சினும் இல்லை அல்லவா, அதே காரணத்தால்தான் உள்ளிருந்து வெளியே வர எஞ்சின் இல்லை. மையம் அங்கே ஓர் இடமாக இல்லாமல், நாளை என்பதுபோல, வரப்போகும் ஒரு நேரமாகிவிடுகிறது.

எல்லைக்கு வெளியே இருக்கும்வரை மாணவி சொன்னது முழுக்கச் சரி, அதையும் அவளிடம் சொல்ல வேண்டும். எல்லைக்கு 10 கிலோமீட்டர் மேலே அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் பூமியின் ஈர்ப்பைப்போல் சுமார் 15,000 கோடி மடங்கு தள்ளும் எஞ்சின் வேண்டும். கட்ட முடியாது, ஆனால் கணக்கில் ஒரு எண் இருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் மெதுவாக ஏறியும் வரலாம். எல்லையை நெருங்க நெருங்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும், எல்லையில் முடிவிலி ஆகிவிடும். உள்ளே அந்த எண்ணே கிடையாது.

உள்ளே போன ராக்கெட் எஞ்சினை ஓட்டினால் கொஞ்சம் நேரமாவது கூடுதலாகக் கிடைக்குமா? எல்லையிலிருந்து மையம்வரை யாருக்கும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தைக் கணக்கிடலாம். சிக்னஸ் எக்ஸ்-1-இல் அது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. என்ன செய்தாலும் அதற்கு மேல் ஒரு கணமும் கிடையாது. எல்லையில் மெல்ல நழுவி விழுந்தவருக்கு அந்த முழு நேரமும் கிடைக்கும். அவர் பதறிப்போய் எஞ்சினை முடுக்கினால், எந்தப் பக்கம் முடுக்கினாலும், நேரம் குறையவே செய்யும்.

இதெல்லாம் "பயங்கரமான இழுப்பு" என்ற ஒரே காரணத்தால் நடப்பதல்ல என்பதற்கு எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள கருந்துளை நல்ல சாட்சி. 2019-ல் முதன்முதலாகப் படம் வெளியிட்டார்களே, அதுதான். சூரியனைப்போல் சுமார் 650 கோடி மடங்கு நிறை. அதன் எல்லைக்குள் உள்ள கன அளவால் நிறையை வகுத்துப் பாருங்கள், நாம் மூச்சுவிடும் காற்றைவிடக் குறைந்த அடர்த்தி வரும். அதன் எல்லையைத் தாண்டும் ஒருவரை எதுவும் பிய்த்து இழுக்காது, தாண்டியதுகூட அவருக்குத் தெரியாது. மையத்தைச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். ஆனாலும் திரும்ப முடியாது. சிக்னஸ் எக்ஸ்-1-இல் நிலைமை வேறு. அங்கே தலைக்கும் காலுக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசமே எல்லைக்கு வெகு முன்பே ஆளைக் கிழித்துவிடும். கிழிப்பது ஒரு விஷயம், திரும்பவிடாதது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

மூன்றாவது கேள்வியை ஒரு மாணவி கேட்டாள் என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஈர்ப்பு உள்ளிருந்து வெளியே வரவே இல்லை என்பதுதான் பதில். விண்மீனாக இருந்தபோதே அது தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை வளைத்து வைத்திருந்தது. சரிந்தபோது உள்ளே போனது பொருள், வெளியே இருந்த வளைவு வெளியேதான் இருக்கிறது. அது அப்படியே நிலைக்க உள்ளிருந்து எந்தச் செய்தியும் வரத் தேவையில்லை. புதிதாக ஏதாவது விழுந்து நிறை கூடினாலும், அந்தப் பொருள் எல்லையைத் தொடும் முன்பே, வெளியே வந்துகொண்டிருக்கும்போதே, தன் வளைவைச் சேர்த்துவிடும். இதோடு ஒட்டிய ஒரு விஷயம்: சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை வைத்தால் பூமி குளிர்ந்து உறைந்துபோகும், ஆனால் உள்ளே உறிஞ்சப்படாது. இதே 365 நாள் சுற்றுதான்.

அவள் அடுத்து ஹாக்கிங் கதிர்வீச்சைக் கேட்கலாம், தயாராக இருங்கள். கருந்துளைகள் மிக மெல்லிய வெப்பக் கதிரை வெளிவிடும் என்று 1974-ல் ஹாக்கிங் கணக்கிட்டார். அது எல்லைக்கு உள்ளிருந்து கிளம்பி வருவதாக அந்தக் கணக்குச் சொல்லவில்லை. எல்லைக்கு வெளியே உள்ள வெளியில் உண்டாவது அது. சிக்னஸ் எக்ஸ்-1-க்கு அதன் வெப்பநிலை ஒரு கெல்வினில் நூறு கோடியில் சில பங்குதான். சுற்றியுள்ள விண்வெளியே 2.7 கெல்வின். எனவே இன்றைக்கு அது வெளிவிடுவதைவிட வாங்கிக்கொள்வதுதான் அதிகம்.

கடைசியாக, "பார்க்கவே முடியாததை எப்படி இருக்கிறது என்கிறீர்கள்?" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1964-ல் ஒரு சிறு ராக்கெட்டில் வைத்து அனுப்பிய கருவிகள் சிக்னஸ் திசையில் எக்ஸ்-கதிரைக் கண்டன. 1971 வாக்கில் அந்த இடத்தில் உள்ள நீல விண்மீனின் நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது, அதன் கோடுகள் 5.6 நாளுக்கு ஒரு முறை நீலப்பக்கமும் சிவப்புப்பக்கமும் போய் வந்தன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மாபெரும் விண்மீனைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றும் வேகத்தையும் காலத்தையும் வைத்து அதன் நிறையைக் கணக்கிட்டால், நியூட்ரான் விண்மீனின் வரம்பைவிடப் பல மடங்கு வந்தது. தொலைவை ரேடியோ தொலைநோக்கிகளால் துல்லியமாக அளந்த பிறகு, 2021-ல் 21 என்ற எண் கிடைத்தது.

நிறை மட்டும் போதாது, சிறியதாகவும் இருக்க வேண்டும். அதைச் சொல்வது மினுக்கல். நம் ஆஸ்ட்ரோசாட் போன்ற செயற்கைக்கோள்கள் அனுப்பும் எக்ஸ்-கதிர் எண்ணிக்கையைத் திரையில் நேரத்துக்கு எதிராக வரைந்தால், சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு நொடிகூட அமைதியாக இருக்காது. காற்றில் ஆடும் சுடர்போல ஏறி இறங்கும். பெரிதாக்கிக்கொண்டே போனாலும், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும், அந்த நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து மினுக்க, ஒரு முனையின் செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆயிரத்தில் ஒரு வினாடியில் ஒளி போகும் தூரம் 300 கிலோமீட்டர். ஆகவே அந்த ஒளி வரும் இடம் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. 21 சூரியன்களின் நிறை சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

நாம் பார்க்கும் எக்ஸ்-கதிர் எல்லைக்கு வெளியிலிருந்து வருவது. நீல விண்மீனிலிருந்து வீசும் வாயு, வட்டு வடிவில் சுழன்று உள்ளே இறங்கும்போது உரசிப் பல லட்சம் டிகிரி சூடாகி ஒளிர்கிறது. இதே மாதிரி வாயு நியூட்ரான் விண்மீனின் மேல் விழும் இணைகளும் வானத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் வாயு தரையில் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் அணுகுண்டுபோல மொத்தமாக வெடிக்கும். திரையில் வரைபடம் ஒரு நொடியில் செங்குத்தாக ஏறி, பத்து இருபது நொடியில் வழிந்து இறங்கும், ஒரு முறை பார்த்தால் மறக்காது. சிக்னஸ் எக்ஸ்-1-ஐ அரை நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ செயற்கைக்கோள்கள் பார்த்துவிட்டன. அங்கே அந்த வெடிப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை. விழும் வாயு போய்ச் சேர அங்கே ஒரு தரை இல்லை.

செப்டம்பர் மாதத்தில் வானம் தெளிந்த ஓர் இரவு, ஒன்பது மணி வாக்கில் வடக்குப் பக்கம் திரும்பி உச்சியிலிருந்து சற்றுக் கீழே பாருங்கள். சிலுவைபோல விரிந்திருப்பது சிக்னஸ். அதன் நீண்ட கழுத்தின் நடுவில் உள்ள விண்மீனுக்கு மிக அருகில், பள்ளியில் இருக்கும் சிறு தொலைநோக்கியிலேயே தெரிகிற ஒன்பதாம் ஒளிப்பொலிவு எண் கொண்ட புள்ளி ஒன்று இருக்கிறது. வரைபடங்களில் அதன் பெயர் HDE 226868. அதுதான் அந்த நீல விண்மீன். அதன் பக்கத்தில், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் கால் பங்கில், உங்கள் மாணவி கேட்ட இடம் இருக்கிறது.